அத்தான் பிடித்து வைத்த அமைதி

எங்கள் அத்தான் எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரு தடவை கை தட்டுவார். ஒரே தட்டுத்தான், பட்டென்று. பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்து, சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று கேட்பார். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே தட்டினார். காப்பித் தட்டோடு வந்த அக்கா, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரி வார்டில் தட்டுவார், வங்கியில் தட்டுவார், துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் ஒருமுறை தட்டி, அக்கா அவர் கையை முழங்கையோடு பிடித்து இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அறை நல்ல அறையாக இருந்தால் "ம்" என்பார். எதிரொலி அதிகமானால் பல்வலி வந்தவர் போல் முகம் சுளிப்பார்.

அவருக்கு ஒலிப்பதிவு வேலை. வீட்டின் பின்பக்கம் கார் நிறுத்துவதற்காகக் கட்டிய அறையை ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டார். கடை விளம்பரம், பஸ் நிலைய அறிவிப்பு, பள்ளி ஆண்டு விழாவுக்குப் பின்னணி இசை என்று எது வந்தாலும் செய்வார். சுவரெல்லாம் கனத்த துணி மெத்தைகள். அவற்றைத் தைத்தது நான். துணி நைந்தால் மாற்றுவதும் நான்தான் என்பதால் ஒரு மூலையில் என் தையல் மிஷினுக்கும் இடம் கிடைத்தது. பதிவு நடக்கும்போது மிதிக்கக் கூடாது, இருமக் கூடாது, வளையல் போடக் கூடாது. எனக்கு அதில் கஷ்டமில்லை. எனக்குப் பேசாமல் இருப்பதற்குக் காரணம் கிடைத்தால் சந்தோஷம்தான்.

அக்கா அவருக்கு நேர் எதிர். பள்ளி வேன் ஓட்டுகிறாள். குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் அவள் ஒரு "ஏய்" சொன்னால் வண்டிக்குள் இலை விழும் சத்தம் கேட்கும். அத்தான் அவளை "டிரைவரம்மா" என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் அவள் குரலை மைக்கில் பதிய முயன்று, மைக் ஒன்று கெட்டுப்போனதாக அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு நாள் ஒரு கம்பெனியிலிருந்து மேனேஜர் பெண் ஒருத்தி வந்தாள். தூக்கம் வராதவர்கள் போனில் போட்டுக் கேட்கிற சத்தங்களை விற்கும் கம்பெனி. உள்ளே வந்ததும் சுவர்த் துணியைத் தடவிப் பார்த்து, "இங்கேயே தூக்கம் வருது சார்" என்றாள். அத்தான் அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஸ்டுடியோவில் விளம்பரக் கூச்சல் குறைந்து, இரைச்சல் கூடியது. அவர் எனக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

"இது வெள்ளை இரைச்சல், பாப்பா. எல்லாச் சுருதிக்கும் ஒரே பலம். எப்படி இருக்கு?"

"டிவியில சிக்னல் போன மாதிரி இருக்கு அத்தான்."

"கரெக்ட். இப்ப இதைக் கேளு. மேல் சுருதிக்குப் போகப் போக பலத்தைக் குறைச்சுக்கிட்டே வர்றேன்."

கீச்சு அடங்கி, தூரத்தில் நிதானமாக மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இதுதான் பிங்க் நாய்ஸ்" என்றார், தானே பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல.

"இதுல ரோஸ் கலர் எங்க இருக்கு?" என்று வாசலில் நின்ற அக்கா கேட்டாள். "குழாய் ஒழுகுது, வாஷர் மாத்துங்க."

வாஷர் அவர் காதில் விழவில்லை. அடுத்ததாக இரட்டைச் சுருதி. இடது காதில் ஒரு சுருதி, வலது காதில் அதைவிட ஒரு துளி கூடுதலான சுருதி. இரண்டும் தனித்தனியாகக் காதுக்குள் போகும். நடுவில் மூளையே அந்த வித்தியாசத்தை ஒரு மெல்லிய துடிப்பாக உண்டாக்கிக்கொள்ளும். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். தலைக்குள் யாரோ மெதுவாக ஊஞ்சல் ஆடுகிற மாதிரி இருந்தது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளை ஓடுகிற வேகத்துக்கு இந்தத் துடிப்பை வைத்தால், மூளையும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும் என்பது கம்பெனியின் கட்சி. அத்தான் அதை அப்படியே நம்பினார். அவருக்கு நம்புவதற்கு அவசியமும் இருந்தது; அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். பிங்க் நாய்ஸ், மேலே மெதுவான குழலிசை, அடியில் இரட்டைச் சுருதி. மூன்றையும் கலந்து ஒரு டிராக் செய்தார்.

அவசியம் அக்காதான்.

அந்தச் சமயத்தில் அவளுக்குப் பகலெல்லாம் கொட்டாவி. சாப்பிட்டுக்கொண்டே தூங்குவாள், துணி மடித்துக்கொண்டே தூங்குவாள். காலையில் எழும்போது தலை கனக்கிறது என்பாள். ஒரு நாள் மாலை வேனை வீட்டு வாசலில் நிறுத்தியதும் வண்டி ஆயா இறங்கி நேரே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டாள். ஆயா அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். பதிவு நடக்கிறது என்று கதவில் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்தும் உள்ளே வருகிற ஒரே ஆள் அவள்தான்.

"சார், ரயில்வே கேட்ல வண்டி நின்னுச்சு. ரயில் போச்சு. கேட் தொறந்துச்சு. டிரைவரம்மா தொறக்கல."

"என்ன தொறக்கல?"

"கண்ணு சார்! பின்னாடி ஹாரன் அடிக்கிறான், பிள்ளைங்க கையைத் தட்டுதுங்க, அவங்க ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குறாங்க. நான் தோளைப் பிடிச்சு உலுக்கினேன். 'ஸ்கூல் வந்துருச்சா'ன்னு கேக்குறாங்க."

அக்கா பின்னாலேயே வந்தாள். "ஒரு நிமிஷம் கண்ணை மூடுனேன். அதுக்கு இந்தப் பிராதா? வண்டி ஹேண்ட் பிரேக்ல நின்னுச்சு."

"இன்னிக்கு நின்னுச்சும்மா" என்றாள் ஆயா. "நாளைக்கு ஓடும்போது மூடுனா?"

ஆயா பள்ளியிலும் சொல்லிவிட்டாள். சொல்லத்தான் வேண்டும், அவளுடைய பேத்தியும் அந்த வண்டியில்தான் வருகிறாள். பள்ளியில் அக்காவை மரியாதையாக உட்காரவைத்து, தூக்கம் சரியாகும்வரை ஓட்ட வேண்டாம், டாக்டர் சரி என்று சொன்னால் சாவி உங்களுக்குத்தான் என்றார்கள். வேறொரு டிரைவரைப் போட்டார்கள். அவன் பிரேக் போடுகிற விதத்தில் பிள்ளைகள் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்குமாகப் பந்து போல் போய் வந்தார்கள். அக்கா வாசலில் நின்று தன் வேன் போவதைப் பார்த்து, "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்துவாள். அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள்.

"டாக்டர்கிட்ட எதுக்கு ஓடணும்?" என்றார் அத்தான். "வீட்டுக்குள்ளேயே மருந்தை வச்சுக்கிட்டு!"

"எந்த மருந்து? அந்தக் குழாய்ச் சத்தமா?"

"ஊரே கேட்டுத் தூங்குது. உனக்கு மட்டும் வேலை செய்யாதா? ஒழுங்கா ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் படு. ஆழமாத் தூங்கினா பகல்ல ஏன் தூக்கம் வருது?"

ஹெட்போனோடு புரண்டு படுக்க முடியாது என்பதால் காதுக்குள் வைக்கிற சின்ன இயர்போனைக் கொடுத்தார். அதற்கு முன்னால் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. படுக்கையறையின் ஃபேன் எவ்வளவு இரைகிறது என்று தெரிந்தால்தான் அதை மூடுகிற அளவுக்குப் பிங்க் நாய்ஸை வைக்க முடியுமாம். அதனால் முதல் நாள் எதுவும் போடாமல், அலமாரிமேல் ரெக்கார்டரை வைத்து இரவு முழுக்க அறையைப் பதிந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அத்தான் படுக்கும்போது காதில் பஞ்சு அடைப்பான் வைத்துக்கொள்வார். பகலெல்லாம் உழைக்கிற காதுக்கு ராத்திரி லீவு என்பது அவர் வீட்டுச் சட்டம். அதனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்காவின் குறட்டையை அவர் முதன்முதலாகக் கேட்டது அடுத்த நாள் காலை ஸ்டுடியோவில்தான்.

"பாப்பா, இங்க வா! உங்க அக்காவா இது? லாரி மேடு ஏறுது!"

கம்ப்யூட்டரில் குறட்டைகள் வரிசையாக முள்ளுப் புதர் மாதிரி நின்றன. அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு வேலையில் இறங்கினார். அவருக்குக் குறட்டை வேண்டாம், ஃபேன் மட்டும் வேண்டும். குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவில், முள் இல்லாமல் நேர்கோடாக ஓடுகிற இடங்களைத் தேடித் தேடி வெட்டினார்.

"எவ்வளவு நீளமா கிடைக்குது பாரு! மூச்சுச் சத்தம்கூட விழல. சுத்தமான அமைதி. இப்படி ஒரு அமைதியை ஸ்டுடியோவில பிடிக்க முடியாது!"

அந்தத் துண்டுகளை ஒட்டி, வெட்டின இடம் தெரியாமல் இழைத்து, ஃபேன் சத்தம் மட்டும் ஓடுகிற ஒரு நீண்ட டிராக்காக்கினார். மேனேஜர் பெண்ணுக்குப் போட்டுக் காட்டினபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சார், எவ்வளவு நிம்மதியா இருக்கு! ஒரு வீட்டுல எல்லாரும் நல்லாத் தூங்குற மாதிரி." இதையும் தனியாக விற்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனாள். 'அமைதியான அறை' என்று பெயர் வைத்தார்கள். மற்றதைவிட அதுதான் அதிகம் போனது.

போகிற போக்கில் அவள் இன்னொன்றும் கேட்டாள். "மேடம் வேன் ஓட்டுறாங்கல்ல? உங்க டிராக் கேட்டுத் தூக்கம் ஆழமாச்சு, திரும்ப வண்டி எடுத்தாங்கன்னு விளம்பரம் போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்! போட்டோகூட எடுத்துக்கலாம்."

"ஸ்டியரிங்ல எடுங்க" என்றாள் அக்கா. "அப்படியாவது வண்டியில ஏறிக்கிறேன்."

அக்காவுக்கு டிராக் தொடங்கியது. தலையணையில் தலை பட்டதும் அக்கா தூங்கிப்போனாள். குழலிசை ஆரம்பிப்பதற்குள் அவள் போயிருப்பாள். அத்தான் காலையில் டீக்கடைக்குப் போகும் நடையே மாறிவிட்டது. "படுத்தா, போனா! முன்னுரை கேக்கவே ஆள் இல்ல!" அக்காவும் மனசாரச் சொன்னாள், படுக்கும்போது மனசு லேசாக இருக்கிறது, நாளைக்கு வண்டி கிடைக்குமா என்ற கவலை அந்த மழைச் சத்தத்தில் கரைகிறது என்று. அது பொய்யில்லை. முகத்தில் தெரிந்தது.

ஆனால் பகல் கொட்டாவி அப்படியே இருந்தது. ஒரு மத்தியானம் என் மிஷின் பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள், ஊசி கையில் இருக்க, என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

அத்தானுக்கு அளவு போதவில்லை என்று தோன்றியது. இரட்டைச் சுருதியைக் கொஞ்சம் கூட்டினார். மாற்றமில்லை. துடிப்பின் வேகத்தை மாற்றினார். மாற்றமில்லை. கடைசியில் இயர்போனிலேயே கோளாறா என்று டப்பாவைத் திறந்து பார்த்தார். இடது பக்கத்து ரப்பர் மொட்டு பழுப்பேறியிருந்தது. வலது பக்கத்தது கடையில் வாங்கினபடியே பளபளத்தது.

"டிரைவரம்மா, இங்க வாங்க. இந்த வலது பக்கம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"நான் வலது பக்கமாத்தான் ஒருக்களிச்சுப் படுப்பேன். காது குத்தும். அதனால ஒண்ணுதான் வைப்பேன்."

"ஒண்ணுதானா? ஆரம்பத்துல இருந்தா?"

"ஆமா. ஒரு காதுல கேட்டாலும் மழை மழைதானே?"

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி. ரெண்டு காதுலயும் வேற வேற சுருதி போனாத்தான் அந்தத் துடிப்பே பிறக்கும். ஒரு காதுன்னா அது வெறும் ஊளை! உனக்காக ஒரு வாரமா வேகத்தை மாத்தி மாத்தி வைக்கிறேன்."

"நீங்க மாத்தினப்பல்லாம் 'இன்னிக்கு எப்படி'ன்னு கேட்டீங்க. நல்லா இருந்துச்சு, நல்லா இருக்குன்னேன்."

"இல்லாத ஒண்ணு எப்படி நல்லா இருக்கும்?"

"நீங்க பக்கத்துல உக்காந்து, வயரை எல்லாம் சரி பண்ணி, போர்வையை இழுத்து விட்டீங்கல்ல. அது நல்லா இருந்துச்சு."

அத்தானுக்கு அதற்கு மேல் சண்டை போட வரவில்லை. முனகிக்கொண்டே வலது மொட்டைத் துடைத்து டப்பாவில் வைத்தார். அன்று மாலை அவரேதான் ஆயாவிடம், எந்த ஆஸ்பத்திரியில் தூக்கத்துக்கு டாக்டர் இருக்கிறார் என்று விசாரித்தார்.

டாக்டரம்மா அறைக்குள் நுழைந்ததும் அத்தான் கை தட்டினார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "பாராட்டு எல்லாம் கடைசியில" என்றார். நல்ல ஆள் என்று எனக்கு அப்போதே பட்டது. அக்காவிடம் நிறையக் கேட்டார். அத்தான் இடையிடையே டிராக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"படுத்த உடனே தூங்கிடுறா டாக்டர். அந்த அளவுக்குப் பலன் இருக்கு."

"படுத்த உடனே தூங்குறது பலனுக்கு அடையாளமில்ல சார். பட்டினி கிடக்கிறவங்க தட்டு வச்ச உடனே சாப்பிடுவாங்க. அதனால சமையல் பிரமாதம்னு அர்த்தமா? இவங்க தூக்கத்துக்குப் பட்டினி கிடக்கிறாங்க."

"அப்போ பிங்க் நாய்ஸ் தூக்கத்தை ஆழமாக்கும்னு சொல்றாங்களே?"

"கொஞ்சம் உண்மை இருக்கு. ஆராய்ச்சிக் கூடத்துல தலையில வயர் ஒட்டி, ஆழ்ந்த தூக்கத்தோட பெரிய அலை மேல எழும்புற அந்தக் கணத்தைப் பார்த்து, கண் சிமிட்டுற நேரத்துக்கு அந்தச் சத்தத்தைப் போடுறாங்க. சிலருக்கு அடுத்த அலை பெரிசாகுது. உங்க டிராக் அலையைப் பார்த்தா போடுது?"

அத்தான் யோசித்தார். "தாளம் பார்க்காம தட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி."

"அதேதான். ராத்திரி முழுக்க ஓடுற சத்தம் வெளியில இருந்து வர்ற சத்தத்தை மூடும். மனசைத் தளர்த்தும். இசை கேட்டா நல்லாத் தூங்கினேன்னு நிறையப் பேர் சொல்றாங்க, அது பெரிய விஷயம்தான். ஆனா வயர் ஒட்டிப் பார்த்தா, தூக்கத்தோட ஆழம் பெரும்பாலும் அவ்வளவா மாறுறதில்ல. இரட்டைச் சுருதிக்கும் இன்னும் உறுதியா ஒண்ணும் சொல்ற மாதிரி இல்ல. சரி, அதை விடுங்க. இவங்க குறட்டை விடுவாங்களா?"

"லாரி மேடு ஏறும்" என்றேன் நான். வாய் தவறி வந்துவிட்டது. அக்கா என்னை முறைத்தாள்.

"அந்தக் குறட்டை நடுவுல நின்னு, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம இருந்து, அப்புறம் திணறிக்கிட்டு ஆரம்பிக்குதா? யாராவது கவனிச்சிருக்கீங்களா?"

அத்தான் முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ போய்விட்டது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சார்?"

"அந்த அமைதி..." என்றார். "அதை நான் வெட்டி எடுத்து வித்துட்டேன் டாக்டர்."

டாக்டரம்மாவுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரமானது. அத்தான் போனிலேயே 'அமைதியான அறை'யைப் போட்டார். ஃபேன் இரைந்தது. மூச்சுச் சத்தம்கூட விழாத, வெட்டு தெரியாத, நீண்ட அமைதி. எல்லாரும் கேட்டோம். அக்கா தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது முழுக்க நான் மூச்சு விடாத நேரமா?"

"ஒட்டினது" என்றார் அத்தான். "ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம்தான். நான்தான் ஒட்டி நீளமாக்கினேன்." அவர் குரல் உடைந்துவிட்டது. "எவ்வளவு சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன், டிரைவரம்மா."

"அழாதீங்க. உங்க வேலை சுத்தமாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்தார். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

இதை வைத்து முடிவுக்கு வர முடியாது, தூங்கவைத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. சோதனைக்குப் போன மாலை, டெக்னீஷியன் ஒருவர் அக்காவின் தலையில் வெள்ளைப் பசையால் வயர்களை ஒட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பட்டை, விரலில் ஒரு கிளிப், மூக்கின் கீழே மெல்லிய குழாய், தொண்டையருகே குறட்டைக்கு ஒரு மைக். அத்தான் மைக்கைப் பார்த்ததும் உயிர் வந்தவராகி, "இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில வைங்க, துணி உரசும்" என்றார். டெக்னீஷியன் அவரைத் தோளைப் பிடித்து வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். டிராக் வேண்டுமா என்று டாக்டரம்மா முன்பே கேட்டிருந்தார். பழக்கத்தை மாற்ற வேண்டாம் என்று முதல் பாதிக்கு மட்டும் ஓடவிட்டார்கள்.

முடிவு வந்தபோது டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மேலே மூளையின் கோடுகள், கீழே மூச்சின் கோடு. மூச்சுக் கோடு ஏறி இறங்கி ஏறி, திடீரென்று தட்டையாகும். நெஞ்சும் வயிறும் இழுத்துக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். பிறகு மூளைக் கோடு குலுங்கும். அக்கா விழிப்பதே தெரியாமல் விழித்து, ஒரு திணறலோடு மூச்சு இழுத்து, மறுபடி தூங்குவாள். இரவெல்லாம் இதே கதை. தொண்டை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறதாம்.

"ஆழமான தூக்கத்துக்கு இறங்க இறங்க யாரோ முடியைப் பிடிச்சு மேல தூக்குற மாதிரி" என்றார் டாக்டரம்மா.

"டிராக் ஓடுனப்போ?" என்று அத்தான் கேட்டார். ஆசை விடவில்லை.

"ஓடுனப்பவும் மூச்சு நின்னுச்சு, ஓடாதப்பவும் நின்னுச்சு. ஒரு ராத்திரியை வச்சு உங்க டிராக்குக்குத் தீர்ப்பு எழுத முடியாது சார். ஆனா அடைச்ச தொண்டையை எந்தப் பாட்டாலயும் தொறக்க முடியாது."

காற்றை மெல்ல அழுத்தி அனுப்பி, தொண்டை மூடாமல் வைத்திருக்கிற ஒரு இயந்திரம் கொடுத்தார்கள். மூக்கில் மாஸ்க். முதல் சில நாள் அக்கா அதோடு மல்லுக்கட்டினாள். "யானைக்குட்டி மாதிரி இருக்கேன்" என்றாள். தூக்கத்தில் கழற்றி எறிந்தாள். டாக்டரம்மா மாஸ்க்கின் அளவை மாற்றிக் கொடுத்தார். அத்தான் காதில் பஞ்சை வைப்பதை நிறுத்தினார். மாஸ்க் நழுவிக் காற்று கசிந்தால் அந்தச் சீறலிலேயே எழுந்து வாரை இறுக்குவார். யாரும் சொல்லாமலே அவருக்கு அந்தச் சத்தத்தின் ஒவ்வொரு குணமும் பழகிவிட்டது. ஒரு காலை என்னிடம், "பாப்பா, அந்த மிஷின் இரைச்சலைக் கவனிச்சியா? மேல் சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கு. கிட்டத்தட்ட பிங்க்" என்றார்.

"அதையும் வித்துடாதீங்க" என்றாள் அக்கா உள்ளிருந்து.

கம்பெனி விஷயம் பாக்கியிருந்தது. மேனேஜர் பெண் போட்டோக்காரரோடு வருவதாகப் போன் செய்தாள். அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டார். எனக்கும் அக்காவுக்கும் கேட்கட்டும் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். தனியாக இருந்தால் அவர் பின்வாங்கிவிடுவார்.

"போட்டோ வேண்டாம்மா. 'அமைதியான அறை'யை எடுத்துருங்க."

"சார், அதுதான் நல்லாப் போகுது!"

"அதுல ஒரு அம்மா மூச்சு விடாம படுத்திருக்காங்க."

அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு மெதுவாக, "நான் தினமும் அதைப் போட்டுத்தான் சார் தூங்குறேன்" என்றாள்.

"தூங்குவீங்க. ஃபேன் சத்தம்தானே. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா எனக்குத் தெரிஞ்ச பிறகு அது விற்பனையில இருக்கக் கூடாது. காலி அறையில வேற பதிஞ்சு தர்றேன்."

"சரி சார். எடுத்துடறேன். மத்த டிராக்?"

"அதுமேல 'ஆழ்ந்த தூக்கம் கூடும்'னு போட்டிருக்கீங்க. அதையும் மாத்துங்க."

"எல்லாரும் அப்படித்தானே சார் போடுறாங்க? மாத்தினா யார் வாங்குவாங்க?"

அத்தான் தடுமாறினார். அக்கா போனைத் தன் பக்கம் இழுத்தாள். மூன்று தெருக் குரலில் பேச ஆரம்பித்தாள்.

"இந்தாம்மா, நான்தான் அந்த டிரைவர். உங்க சத்தம் நல்ல சத்தம். படுக்கும்போது மனசு லேசாகும், அதைத் தைரியமா எழுதுங்க. ஆனா ஆழமாத் தூங்குறேன்னு நம்பித்தான் நான் டாக்டரைப் பார்க்காம இருந்தேன். இவரும் நம்பினார். என் பின்னாடி முப்பது பிள்ளைங்க உக்காந்திருக்கும். குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்கிறவங்க, பகல்ல தூங்கி விழுறவங்க டாக்டரைப் பாருங்கன்னு ஒரு வரி சேருங்க. முடியாதுன்னா அதுல இருந்து எங்க வீட்டுக்காரர் பேரை எடுத்துருங்க."

போனின் ஸ்பீக்கர் அதன் பிறகு கொஞ்சம் கரகரத்தது. அது அன்றைக்குத்தான் கெட்டது என்று அத்தான் சொல்கிறார்.

மேனேஜர் பெண் மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள். சில வாரம் கழித்து அத்தானின் டிராக்கில் மட்டும் வாசகம் மாறியது. 'படுக்கும் நேரத்துக்கு, மனம் தளர' என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் அக்கா சொன்ன வரி. மற்றவர்களின் டிராக்குகளில் பழைய வாசகமே இருக்கிறது. அத்தானுடையது முன்னளவுக்குப் போவதில்லை. அவருக்கு அதில் வருத்தம் உண்டு, மறைப்பதில்லை. பஸ் நிலைய அறிவிப்புகளை மறுபடி வாங்கிச் செய்கிறார்.

மாஸ்க் வந்து சில மாதம் கழித்து டாக்டரம்மா அக்காவைப் பரிசோதித்து, பள்ளிக்குச் சரி என்று சொன்னார். சாவி திரும்பி வந்த காலை, ஆயா வண்டிப் படியில் நின்று, "டிரைவரம்மா, கண்ணு தொறந்திருக்கா?" என்று கேட்டாள். அக்கா திரும்பிப் பார்த்து ஒரு "ஏய்" சொன்னாள். உள்ளே பிள்ளைகள் அமைதியானார்கள்.

இப்போது அக்கா தினமும் வேன் ஓட்டுகிறாள். இரவில் மாஸ்க் போடுகிறாள். போடாத மறுநாள் தலை கனக்கிறது என்பதால் அவளே மறப்பதில்லை. அத்தானின் டிராக்கையும் ஒரு காதில் வைத்துக் கேட்கிறாள், பிடித்திருக்கிறது என்பதற்காக. இரட்டைச் சுருதியை அவர் அதிலிருந்து எடுத்துவிட்டார். மழைச் சத்தமும் குழலும் மட்டும் இருக்கின்றன.